ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சரிபார்ப்புப் படிவம்: துறைத் தலைவர்களுக்கு நூலகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும் ப்ராஜெக்ட் ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,

வணக்கம். நம் கல்லூரியின் சிமிலாரிட்டி சாஃப்ட்வேருக்கான லாகின் நூலகத்தில் என்னிடம்தான் இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை இறுதியாண்டு மாணவர்கள் பென்டிரைவோடு என் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "மேடம், எவ்வளவு வந்திருக்கு?" எங்கே வந்திருக்கிறது, ஏன் வந்திருக்கிறது என்று இதுவரை கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் கொடுக்கும் சரிபார்ப்புப் படிவம் அப்படி இருக்கிறது. அதில் 16 கட்டங்கள். இடப்பக்க மார்ஜின், எழுத்தளவு, வரி இடைவெளி, பைண்டிங் அட்டையின் நிறம் என்று முக்கால்வாசி அதிலேயே போய்விடுகிறது. கடைசிக்கு முந்தைய கட்டத்தில் 'சிமிலாரிட்டி 10%க்குக் கீழ்' என்று ஒரு வரி. சைட்டேஷன் சரியா, மேற்கோள் குறி இருக்கிறதா, என்னென்ன கருவிகள் பயன்பட்டன என்பதற்கெல்லாம் ஒரு கட்டம்கூட இல்லை. அடுத்த செமஸ்டருக்கு முன் இந்தப் படிவத்தை மாற்றித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஏன் என்பதை ஒரு பேட்ச்சின் கதையை வைத்துச் சொல்கிறேன். அவர்கள் யார், எந்தத் துறை என்பது வேண்டாம்.

நான்கு பேர். இலையின் படத்தைப் பார்த்துப் பயிர் நோயைக் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்ட். பிளான்ட்வில்லேஜ் படத்தொகுப்பை வைத்து வருடா வருடம் நம் ஊர்க் கல்லூரிகளில் வருமே, அதேதான். ரிப்போர்ட் 58 பக்கம். எந்த வடிகட்டியும் போடாமல் ஓட்டியபோது 31 சதவீதம் வந்தது. முகம் செத்துப்போய் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். உட்காரச் சொல்லிப் பிரித்துக் காட்ட எனக்கும் அன்று நேரமில்லை. பின்னால் இன்னும் 20 பேர்.

மாலையில் அதைத் திறந்து பார்த்தேன். அந்த 31இல் ஏறக்குறைய 4 போனஃபைட் சர்டிஃபிகேட், உறுதிமொழி, நன்றியுரை ஆகியவற்றிலிருந்து வந்தது. அந்தப் பக்கங்களின் வாசகத்தை நாமேதான் அச்சடித்துக் கொடுக்கிறோம், ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? ரெஃபரன்ஸ் பட்டியல் 9. ஒரே கட்டுரையை நூறு பேர் சரியாகக் குறிப்பிட்டால் நூறு பட்டியலிலும் அந்த வரி ஒன்றாகத்தான் இருக்கும். பின்னிணைப்பில் இருந்த பைத்தான் நிரல் 6. 'முன்மொழியப்பட்ட முறையின் செயல்திறன்' மாதிரி எல்லாரும் எழுதும் துண்டுகள் ஆங்காங்கே சிதறி ஒரு 5. மீதி 7தான் உண்மையில் உட்கார்ந்து பேச வேண்டியது. அதில் படத்தொகுப்பை விவரிக்கும் இரண்டு பத்திகள் ஒரு ஆய்வுக் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்தவை. லிட்டரேச்சர் சர்வேயில் நான்கு கட்டுரைகளின் சுருக்கவுரை வரிக்கு வரி ஒட்டப்பட்டிருந்தது.

அரை நாள் வேலை. அந்த இரண்டு பத்திகளை மூடி வைத்துவிட்டுத் தங்கள் மொழியில் எழுதி எண் போட வேண்டும், சர்வேயைத் திரும்ப எழுத வேண்டும். அவ்வளவுதான். ஆனால் படிவம் அவர்களிடம் அதைக் கேட்கவில்லை. 10க்குக் கீழே என்றது. இரண்டு நாள் கழித்து வந்தார்கள். இந்த முறை 6 சதவீதம். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன், அந்தத் தவறு என்னுடையது.

வைவாவில் வெளித் தேர்வாளர் 23ஆம் பக்கத்தைத் திறந்து, "இது என்னம்மா, 'இர்ரெகுலர் டிம்பர்லேண்ட்'?" என்று கேட்டிருக்கிறார். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது 'ரேண்டம் ஃபாரஸ்ட்' என்ற அல்காரிதத்தின் பெயர். முழு ரிப்போர்ட்டையும் வார்த்தை மாற்றும் இணையதளம் ஒன்றில் போட்டு எடுத்திருக்கிறார்கள். அது ரேண்டமை ஒழுங்கற்றதாக்கி, ஃபாரஸ்ட்டை மரக்காடாக்கிவிட்டது.

இப்படிப்பட்ட சொற்களுக்கு ஆய்வுலகில் பெயரே உண்டு. கீயோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகாசினோவ் என்ற மூவர் 2021இல் 'டார்ச்சர்டு ஃப்ரேசஸ்', அதாவது சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள், என்று பெயர் வைத்து, வெளியான ஆய்வுக் கட்டுரைகளிலேயே தேடிப் பிடித்தார்கள். ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ் 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகியிருந்தது. பிக் டேட்டா 'கொலாசல் இன்ஃபர்மேஷன்' ஆகியிருந்தது. சிரிப்பு வரும்தான். ஆனால் என் மேசையில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். 31 வந்த ரிப்போர்ட்டில் திருடிய பத்திகள் எங்கே என்று மஞ்சள் அடித்துக் காட்டியிருந்தது. 6 வந்த ரிப்போர்ட்டில் அதே பத்திகள் வார்த்தை மட்டும் மாறி இருந்தன, மூலத்தின் பெயரும் இல்லை, அடையாளமும் அழிந்துவிட்டது. நம் படிவம் இரண்டாவதைத்தான் பாஸ் செய்தது.

சரி, இந்த 10 எங்கிருந்து வந்தது? பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையிலிருந்து. 10 வரை தண்டனை இல்லை; 10க்கு மேல் 40 வரை திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும்; 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இது நம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அதே ஒழுங்குமுறையின் வரையறைப் பகுதியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். முதுகலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளையும் வெளியிடப்படும் கட்டுரைகளையும் நூல்களையும் சேர்த்துவிட்டு, அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் போன்றவற்றை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. ஆக, பி.இ. ப்ராஜெக்ட்டுக்கு இந்த 10 சட்டத்தால் வந்ததில்லை. நாமாக வைத்துக்கொண்டது. கல்லூரி தனக்கென்று விதி வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. அப்படியானால் அதை நல்ல விதியாக வைக்கவும் நமக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்று, அந்த 10ஐயே மானியக் குழு வெறும் எண்ணாகச் சொல்லவில்லை. உரிய முறையில் மூலம் காட்டிய மேற்கோள், ரெஃபரன்ஸ், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுச் சொற்கள், சட்டங்கள், நிலையான சமன்பாடுகள் எல்லாவற்றையும் கழித்த பிறகுதான் கணக்கு. தற்செயலாகத் தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போவதையும் அது கணக்கில் சேர்ப்பதில்லை. மேலே சொன்ன பேட்ச்சுக்கு இதைச் செய்து, பின்னிணைப்பு நிரலையும் விலக்கியிருந்தால் முதல் நாளே 31 ஏறக்குறைய 7 ஆகியிருக்கும். அதற்காக 7 என்றால் சரி என்று விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் தவறு முழுக்க அந்த 7க்குள்தான் இருந்தது. சிறு துண்டுகளைக் கழிக்கும் வடிகட்டிக்கும் ஒரு ஓட்டை உண்டு. பத்துப் பத்துச் சொல்லாக வெவ்வேறு கட்டுரைகளிலிருந்து எடுத்துத் தைத்த பத்தி அதில் மாட்டாமல் நழுவிவிடும். அதனால் லிட்டரேச்சர் சர்வே அத்தியாயத்தை மட்டும் வடிகட்டி போடாமலும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இனி புதிய படிவத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். சிமிலாரிட்டியைக் கடைசியில் வையுங்கள். முதலில் சைட்டேஷன்.

இதில் இரண்டு விதமான சோதனை இருக்கிறது. ஒன்று இயந்திரத்தனமானது: உள்ளே போட்ட ஒவ்வொரு எண்ணும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றும் உள்ளே எங்காவது வருகிறதா. வேர்டில் `[` என்று தேடினால் பதினைந்து நிமிட வேலை. வேர்டின் தானியங்கி எண்களைப் பயன்படுத்துபவர்கள் பிடிஎஃப் எடுக்கும் முன் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து F9 அழுத்தி, உடைந்த இணைப்பு தெரிந்தால் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் `Error! Reference source not found.` என்பது அப்படியே அச்சாகிவிடும். ஹார்ட் பைண்டிங் முடிந்த பிறகு அதைக் கண்டுபிடித்துக் கண் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகக் குறிப்பு ஆசிரியர் பெயரை அகர வரிசையில் கேட்கிறதா, வரும் வரிசையில் எண் போடச் சொல்கிறதா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பாதி ரிப்போர்ட்டுகளில் இரண்டும் கலந்திருக்கின்றன.

இரண்டாவது சோதனைதான் முக்கியம்: அந்த எண் போட்ட வாக்கியத்தை அந்தக் கட்டுரை உண்மையில் சொல்கிறதா? நம் பேட்ச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பிளான்ட்வில்லேஜ் படங்களில் 99.35 சதவீதத் துல்லியம் எட்டப்பட்டுள்ளது [12]' என்று எழுதியிருந்தார்கள். 12ஆவது கட்டுரை அந்த வேலையைச் செய்யவே இல்லை. அது ஒரு தொகுப்புக் கட்டுரை, யாரோ செய்ததை எடுத்துச் சொல்கிறது. மூலம் மொகந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகியோர் 2016இல் எழுதியது. அதன் டிஓஐ `10.3389/fpls.2016.01419`. doi.org தளத்தில் இதை ஒட்டினால் கட்டுரையே இலவசமாகத் திறக்கும். 54,306 படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள், நம் மாணவர்கள் எழுதிய எண்கள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. கூடவே அவர்கள் எழுதாத ஒன்றும் இருக்கிறது: பயிற்சிக்கு எடுத்த படங்களிலிருந்து மாறுபட்ட சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது துல்லியம் 31 சதவீதத்துக்குச் சற்று மேலே மட்டும்தான் வந்தது என்று அந்த ஆசிரியர்களே சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்தில் போனில் எடுத்த படத்தைக் கொடுத்தால் ஏன் தப்பாகச் சொல்கிறது என்று வைவாவில் கேட்டதற்கு விடை அந்தக் கட்டுரையிலேயே இருந்தது. திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் படிவத்தில் 'ரெஃபரன்ஸ் உள்ளது' என்று டிக் அடிக்கும் கட்டம் வேண்டாம். கைடு தானே ஐந்து எண்களைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்த ஐந்துக்கும் மாணவர் டிஓஐயைத் திறந்து, தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் பொருந்துவதைக் காட்டி, தங்கள் வாக்கியத்துக்கு ஆதாரமான இடம் எந்தப் பக்கம் என்று எழுதட்டும். சாட்பாட் கற்பனை செய்து கொடுத்த கட்டுரைகள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். டிஓஐ திறக்காது, அல்லது சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கட்டுரை திறக்கும். சாஃப்ட்வேரால் இதைப் பிடிக்க முடியாது. இல்லாத கட்டுரை எதோடும் ஒத்துப்போகாதே, சதவீதம் குறையத்தான் செய்யும்.

மேற்கோளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொறியியல் ரிப்போர்ட்டில் வார்த்தை மாறாமல் எடுக்க வேண்டிய தேவை குறைவு. ஒரு வரையறை, ஒரு தர விதியின் வாசகம், அவ்வளவுதான். எடுத்தால் இரட்டை மேற்கோள் குறி, எண், பக்கம் மூன்றும் வேண்டும். எண் மட்டும் போட்டால் போதும் என்பதுதான் மாணவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் தவறான எண்ணம். கருத்து யாருடையது என்பதை எண் சொல்லும், வார்த்தை யாருடையது என்பதை மேற்கோள் குறிதான் சொல்லும். நான் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் ஒற்றை மேற்கோள் குறியை மேற்கோளாக எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

படங்களும் மேற்கோள்தான், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ரெஸ்நெட்டின் கட்டமைப்புப் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து 'படம் 3.2' என்று போட்டுவிட்டால் சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. படத்தின் கீழே மூலத்தின் எண் வேண்டும், மாற்றி வரைந்திருந்தால் 'தழுவி வரைந்தது' என்ற சொல் வேண்டும்.

அடுத்து, கருவிகளை வெளிப்படுத்துவது. இதற்கு நம் படிவத்தில் இடமே இல்லாததால் மாணவர்கள் மறைக்கிறார்கள் என்று சொல்வதைவிட, எங்கே சொல்வது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதே சரி. ஐஇஇஇ தன் கட்டுரைகளுக்கு வைத்திருக்கும் விதி எளிமையானது: செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய எழுத்து, படம், நிரல் எது இருந்தாலும் நன்றியுரைப் பகுதியில் எந்தக் கருவி, எந்தப் பகுதிகளில், எந்த அளவுக்கு என்று சொல்ல வேண்டும். இலக்கணம் திருத்த மட்டும் பயன்படுத்தியிருந்தாலும் சொல்வது நல்லது என்கிறது. நாமும் அரைப் பக்கம் ஒதுக்கலாம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

'2ஆம் அத்தியாயத்தின் ஆங்கில நடையைத் திருத்த இன்ன கருவியை மார்ச் மாதம் பயன்படுத்தினோம். கருத்தும் ரெஃபரன்ஸும் எங்களுடையவை. 4.3இல் உள்ள படம் பெருக்கும் நிரலின் முதல் வடிவத்தைச் சாட்பாட் கொடுத்தது. அதில் பயிற்சிப் படங்களோடு சோதனைப் படங்களும் பெருக்கப்பட்டிருந்ததைக் கண்டு திருத்தினோம். முன்பயிற்சி பெற்ற மாடல், அதன் வெளியீட்டாளர், உரிமம் ஆகியவை 3.1இல் உள்ளன.'

இதைப் படிக்கும் தேர்வாளர் நிச்சயம் அந்தத் திருத்தத்தைப் பற்றித்தான் கேட்பார். செய்தவர்களால் பதில் சொல்ல முடியும். கிட்ஹப்பிலிருந்து எடுத்த நிரலுக்கும் இதே இடம்தான். எம்ஐடி உரிமத்தில் உள்ள நிரலைத் தாராளமாக எடுக்கலாம், ஆனால் பதிப்புரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது. நம் மாணவர்கள் முதலில் அழிப்பது அந்தக் குறிப்பு இருக்கும் தலைப்பு வரிகளைத்தான். அப்புறம், யாரும் வாய்திறந்து பேசாத ஒன்று: ப்ராஜெக்ட் சென்டர். காசு கொடுத்து வாங்கிய நிரல், வாங்கிய கிட், வாங்கிய ரிப்போர்ட். அதையும் கேட்கும் ஒரு வரி படிவத்தில் இருக்கட்டும். 'வெளியிலிருந்து பெற்ற உதவி' என்று மரியாதையாகவே கேட்கலாம். எத்தனை பேர் உண்மையாக நிரப்புவார்கள் என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் கேட்காதவரை யாருமே சொல்லப்போவதில்லை.

கூடவே ஒரு வேண்டுகோள். ஏஐ கண்டறியும் சதவீதத்துக்கும் ஒரு வரம்பு வைக்கலாம் என்று சென்ற கூட்டத்தில் பேச்சு வந்ததாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். டர்னிட்டின் நிறுவனமே 20க்குக் கீழே வந்தால் எண்ணைக் காட்டாமல் `*%` என்றுதான் காட்டுகிறது, அந்த அளவில் தவறாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்பதால். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கண்டறி கருவிகளிடம், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தேர்வுக்கு எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை விழுந்தது. எளிய சொற்களில் ஒரே மாதிரி வாக்கியம் அமைக்கும் எழுத்துதான் அதில் மாட்டுகிறது. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து தானாக ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளையின் எழுத்து அப்படித்தானே இருக்கும்?

கடைசியாகச் சிமிலாரிட்டி ரிப்போர்ட். அதற்கு முன், ஒரு நடைமுறைச் சிக்கல். வரைவைச் சரிபார்க்கும்போது களஞ்சியத்தில் சேமிக்கும் அமைப்பு திறந்திருந்தால், இறுதி வடிவம் தன் சொந்த வரைவோடேயே மோதி 90க்கு மேல் காட்டும். போன வருடம் மூன்று பேட்ச்சுக்கு இப்படி ஆனது. அவர்களில் ஒரு பெண் இரவெல்லாம் உட்கார்ந்து தன் சொந்த வாக்கியங்களையே மாற்றி எழுதியிருக்கிறாள். முதல் மூலம் யார் என்று பார்த்தால் அது நம் கல்லூரி மாணவர் தாள், தேதி நான்கு நாள் முன்னால். அதனால் வரைவுகளைச் சேமிக்காத அமைப்பிலும், கையெழுத்துக்கு வரும் இறுதி வடிவத்தை மட்டும் சேமிக்கும் அமைப்பிலும் ஓட்ட அனுமதி தாருங்கள். இலவச இணையதளங்களில் போட்டுப் பார்க்காதீர்கள் என்று மாணவர்களிடம் நீங்களும் சொல்லுங்கள். ரிப்போர்ட் அங்கே எங்கே போய்ச் சேருகிறது என்பது நம் கையில் இல்லை.

'ரெஃபரன்சஸ்' என்ற தலைப்பு தனி வரியில் தனியாக இருந்தால்தான் அந்தப் பட்டியலைக் கழிக்கும் வசதி வேலை செய்கிறது. முன்னால் அத்தியாய எண்ணைச் சேர்த்துவிட்டால் சில நேரம் கழிக்காது. இந்தச் சின்ன விஷயத்தால் மட்டுமே 8, 9 சதவீதம் கூடியவர்கள் உண்டு.

பிறகு எண்ணுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: கழிக்க வேண்டியதைக் கழித்த பின் மிஞ்சும் முதல் ஐந்து மூலங்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் மாணவர் என்ன செய்தார். மேற்கோள் குறி போட்டாரா, தன் மொழியில் எழுதி எண் கொடுத்தாரா, பொது வழக்கு என்று விட்டாரா. பக்கத்தில் கைடின் ஒரு சிறு கையெழுத்து. 12 சதவீதம் வந்து ஐந்துக்கும் பதில் இருந்தால் நான் முத்திரை குத்தத் தயார். 5 சதவீதம் வந்து அது முழுக்க முடிவுரையில் ஒரே மூலத்திலிருந்து வந்திருந்தால் திருப்பி அனுப்பவும் தயார். அந்த அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள், இல்லையென்றால் வரிசையில் நிற்பவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

மாதிரிப் படிவம் ஒன்றை ஒரே பக்கத்தில் தயார் செய்து நூலக மேசையில் வைத்திருக்கிறேன். மார்ஜினும் பைண்டிங் நிறமும் அதில் ஒரே வரியில் அடங்கிவிட்டன. டிசம்பர் துறைக் கூட்டத்துக்கு முன் யாராவது வந்து பார்த்துத் திருத்திக் கொடுத்தால், முதல் ரிவ்யூவுக்கே மாணவர்கள் கையில் சேர்த்துவிடலாம். ஜனவரியிலிருந்து வெள்ளிக்கிழமை மதியங்களில் ரிப்போர்ட்டைப் படிக்கச் சொல்லித்தர நான் நேரம் ஒதுக்குகிறேன், பேட்ச்சுக்கு இருபது நிமிடம் போதும்.

இப்படிக்கு,
நூலகத்தில் சிமிலாரிட்டி மேசையில் உட்காருபவர்